4,000 பெரிதா, 4,300 பெரிதா?

செலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றியிருக்கும் கடைவீடுகளில் கீழே லாரிக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும். மேல்மாடியில் இரண்டு மூன்று பேர் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படியொரு மேல்மாடியில், உறைபதன உணவு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில், ஆறு வருடமாக அக்கவுண்ட்ஸ் கிளார்க்காக இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனைப் பெண்தான். ஆனால் செலாயாங் பாருவிலும் பத்துமலையிலும் கெப்போங்கிலும் இவரைப் போன்றவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 3,900 ரிங்கிட். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் இரவு எட்டு, ஒன்பது மணி வரை உட்காருவதால் சராசரியாக மாதத்துக்கு 20 மணி நேரம் ஓ.டி. கிள்ளானில் ஒரு நிறுவனம் 4,700 ரிங்கிட்டுக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்திருக்கிறது. இவரும் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்காது. மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிடுவார்.

“ஏம்மா, ஆறு வருஷம் ஒண்ணா இருந்தோம். ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தா நான் பாஸ்கிட்ட பேசியிருக்க மாட்டேனா?”

“போன வருஷமே சொன்னேனே சார். பட்ஜெட் இல்லன்னீங்க.”

“அது போன வருஷம்லா. இப்ப பாஸே சொல்லிட்டாரு. நாலாயிரத்து முந்நூறு வெள்ளி. இனிமே நீ கிளார்க் இல்ல, சீனியர் எக்செக்யூட்டிவ். நாளைக்குள்ள சொல்லிடு. வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாத.”

இதுதான் கவுண்டர் ஆஃபர். வீட்டுக்கு வந்து சொன்னால் ஆளுக்கொரு அபிப்பிராயம் வரும். “400 வெள்ளி கூடுது, கிள்ளான் வரைக்கும் ஏன் அலையணும்?” என்பார் கணவர். “ரோஷம் இருந்தா திரும்பிப் போவியா?” என்பார் அண்ணன். ரோஷத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் சம்பளச் சீட்டை மேசையில் விரித்து வைக்க வேண்டும். ஏனென்றால், இந்த 4,300 அவர் இப்போது வாங்குவதைவிடக் குறைவு.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் சம்பள வேறுபாடின்றித் தீபகற்ப மலேசியாவின் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்துகிறது என்று நாம் படித்தோம். உண்மைதான், ஆனால் ஒரு விலக்கு உண்டு. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்குச் சில பிரிவுகள் பொருந்தாது. கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆட்குறைப்பு செய்தால் இழப்பீடு தர வேண்டும் என்பது இன்னொன்று. உடலுழைப்பு வேலை செய்கிறவர்களுக்கும் அவர்களை மேற்பார்வை பார்க்கிறவர்களுக்கும் வாகனம் ஓட்டுகிறவர்களுக்கும் இந்த விஷயத்தில் ஏற்பாடு வேறு. அலுவலக மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு 4,000தான் கோடு.

இனி கணக்கு. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம்: 3,900க்கு 150 ரிங்கிட். அதை எட்டு மணி நேரத்தால் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் ஒரு மணி நேர ஓ.டி. 28 ரிங்கிட் 12 காசு சொச்சம். 20 மணி நேரத்துக்கு 562 ரிங்கிட் 50 காசு. ஆக, இந்தப் பெண் இன்று மாதம் வாங்குவது 4,462 ரிங்கிட் 50 காசு. கவுண்டர் ஆஃபரை ஒப்புக்கொண்டால் சம்பளம் 4,300. சட்டப்படியான ஓ.டி. உரிமை அன்றோடு போயிற்று. மாதக் கடைசி வேலை மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் கணக்கு யாராவது முடித்துத்தானே ஆக வேண்டும்? பதவி உயர்வு, புது விசிட்டிங் கார்டு எல்லாம் சேர்ந்து மாதம் 162 ரிங்கிட் 50 காசு நட்டம்.

இதையே அடிப்படைச் சம்பளம் 4,000 என்று நிறுத்திப் பாருங்கள். கோட்டைத் தாண்டவில்லை, தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஓ.டி. தொடரும், அதுவும் 28 ரிங்கிட் 84 காசு வீதம். 20 மணி நேரத்துக்கு 576 ரிங்கிட் 92 காசு. மொத்தம் 4,576 ரிங்கிட் 92 காசு. 4,000 ரிங்கிட், 4,300ஐ 276 ரிங்கிட் வித்தியாசத்தில் அடிக்கிறது!

இது எல்லோருக்கும் பொருந்தாது. மாதம் ஐந்தாறு மணி நேரம் மட்டும் ஓ.டி. பார்க்கிறவருக்கு 4,300 நிஜமாகவே உயர்வு. 3,900இலிருந்து 4,300க்குப் போகிறவருக்கு எல்லைக் கோடு சுமார் 14 மணி நேரம்; முதலாளி கட்டும் இ.பி.எஃப். கூடுவதையும் சேர்த்துப் பார்த்தால் 16. அதற்கு மேல் ஓ.டி. செய்கிறவர் நட்டப்படுவார். ஒரு மாதச் சீட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்னால் வரும் மாதங்கள் ஒரு மாதிரி, மற்ற மாதங்கள் வேறு மாதிரி. பன்னிரண்டு சீட்டுகளையும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

‘எக்செக்யூட்டிவ்’ என்ற பட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்செக்யூட்டிவுக்கு ஓ.டி. கிடையாது என்பது நம் அலுவலகங்களில் பரம்பரையாக வரும் நம்பிக்கை. சட்டம் பட்டத்தைப் பார்ப்பதில்லை, சம்பளத்தைத்தான் பார்க்கிறது. 3,900 வாங்கும் எக்செக்யூட்டிவுக்கு ஓ.டி. உண்டு. அதே போல, 4,000த்தைத் தாண்டியவருக்கு ஓ.டி. தரக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அங்கே அது ஒப்பந்த விஷயம். “அடிப்படைச் சம்பளம் 4,300, கூடுதல் நேர வேலைக்கு முன்பு போலவே ஒன்றரை மடங்கு தொடரும்” என்று ஒரு வரி கடிதத்தில் இருந்தால் போதும், மாத வருமானம் 4,920 ரிங்கிட்டுக்குப் போய்விடும். கிள்ளான்காரர் கொடுக்கும் 4,700ஐ அது தாண்டுகிறது. அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு பட்டத்துக்குக் கிடையாது.

கிள்ளான் ஆஃபரையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். 3,900இலிருந்து 4,700 என்றால் 800 உயர்வு என்று மனம் சொல்லும். ஆனால் அங்கே ஓ.டி. இல்லை. இன்றைய மொத்த வருமானத்தோடு ஒப்பிட்டால் உயர்வு 237 ரிங்கிட் 50 காசு. முதலாளி கட்டும் இ.பி.எஃப். 507இலிருந்து 611 ஆகும். அது நல்ல கூடுதல். இரண்டையும் கூட்டினால் 341 ரிங்கிட் 50 காசு. செலாயாங்கிலிருந்து கிள்ளானுக்குத் தினமும் காரோட்ட பெட்ரோலும் டோலும் மாதம் 350 கூடுதலாக ஆகிறது என்று வைத்தால், கை சமம். வருட விடுமுறையும் குறையும். ஐந்து வருடம் தாண்டியவருக்குச் சட்டப்படி 16 நாள் விடுமுறை. புது இடத்தில் சேர்ந்தவருக்கு எட்டு நாளிலிருந்துதான் தொடக்கம். பேசி வாங்கினால் தவிர. ஆக இந்தப் பெண் கிள்ளானுக்குப் போக நினைத்தது பணத்துக்காக மட்டும் என்றால், அவர் போகவே வேண்டியதில்லை. வேறு காரணம் இருந்தால், அதாவது மாதக் கடைசி இரவுகள் வேண்டாம், பிள்ளைகள் தூங்குவதற்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், அப்போது செலாயாங் முதலாளியிடம் கேட்க வேண்டியது 400 வெள்ளி அல்ல. ஓர் உதவியாளர்.

உதவியாளர் கேட்கிற நிலையில் அவர் இருக்கிறாரா? இருக்கிறார் என்றே நினைக்கிறேன். போன வருடம் இல்லாத பட்ஜெட் மூன்று நாளில் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் தெரியும். வருமானவரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கியது. ஆண்டு விற்பனை 5 மில்லியனிலிருந்து 25 மில்லியன் ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு 2025 ஜூலை 1 முதல் அது கட்டாயம். செலாயாங், பத்துமலைப் பக்கத்து நடுத்தர விநியோக நிறுவனங்கள் பலவும் இந்த வகைக்குள்தான் வரும். நூற்றுக்கணக்கான மளிகைக் கடைகள், உணவகங்கள், அவற்றின் வரி எண்கள், ஏற்கப்படாமல் திரும்பி வந்த இன்வாய்ஸ்கள், எந்தக் கடைக்காரர் எப்போது பில்லை மாற்றச் சொல்வார் என்ற விவரம் எல்லாம் ஒரு தலைக்குள் இருக்கின்றன. அந்தத் தலை எட்டு வாரத்தில் போகப் போகிறது. புதிதாக ஒருவரை எடுத்தால் சம்பளம் 3,900க்குள் இருக்குமா என்பதும் சந்தேகம். 400 ரிங்கிட் உயர்வு முதலாளிக்குத் தாராளம் அல்ல, சிக்கனம்.

எட்டு வாரம் என்றேன். வேலை ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எழுதவில்லை என்றால் சட்டம் சொல்வது: இரண்டு வருடத்துக்குக் குறைவானவருக்கு நான்கு வாரம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஆறு வாரம், ஐந்து வருடமும் அதற்கு மேலும் எட்டு வாரம். இரு தரப்புக்கும் ஒரே அளவு. “நாளைக்குள்ள சொல்லிடு” என்று மேனேஜர் அவசரப்படுவதற்குச் சட்டத்தில் காரணம் எதுவும் கிடையாது. எட்டு வாரத்தில் ஒரு வாரம் யோசிக்க எடுத்துக்கொண்டால் உலகம் அழிந்துவிடாது.

எந்த வரியில் வைக்கிறார்கள்?

கவுண்டர் ஆஃபர் எப்போதும் அடிப்படைச் சம்பளமாகவே வருவதில்லை. “பேசிக்கைத் தொட முடியாதும்மா, மத்தவங்களும் கேப்பாங்க. பெட்ரோலுக்கு 300 வெள்ளி போட்டுடறேன்” என்பார்கள். பயணப்படி ஒரு விசித்திரமான வரி. வேலைச் சட்டம் சம்பளத்துக்குத் தரும் விளக்கத்தில் அது சேராது. அதனால் 3,900 அடிப்படையும் 300 பயணப்படியும் வாங்குகிறவர் 4,000 கோட்டுக்குள்ளேயே இருக்கிறார், ஓ.டி. உரிமை போகாது. நல்லதுதான். ஆனால் இ.பி.எஃப். சட்டத்திலும் பயணப்படி சம்பளம் ஆகாது. அந்த 300க்கு முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டியதில்லை. மாதம் 39 ரிங்கிட், வருடத்துக்கு 468. போனஸ் அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் போடப்படுவதால் அதிலும் இந்த 300 வராது. அடுத்த வேலைக்கு “கடைசிச் சம்பளம் எவ்வளவு?” என்று கேட்கும்போதும் அது பாதி மதிப்புக்குத்தான் எடுபடும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓ.டி. நிறையப் பார்க்கிறவருக்கு, 4,300 அடிப்படையைவிட இது கையில் அதிகம் தரும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

5,000 ரிங்கிட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொரு படிக்கட்டு இருக்கிறது. 5,000 வரை முதலாளியின் இ.பி.எஃப். பங்கு 13 விழுக்காடு. அதைத் தாண்டினால் 12. 5,000க்கு 650 ரிங்கிட் கட்டியவர் 5,200க்கு 624தான் கட்டுவார். 200 உயர்வு என்று சொன்னது உண்மையில் 174. பெரிய நட்டமில்லை, ஆனால் “200 போட்டுட்டோமே” என்று சொல்லும்போது இவருக்கும் கணக்கு தெரியும் என்று காட்டினால் பேச்சின் தொனியே மாறும்.

மூன்றாவது வகை, தங்குவதற்கான போனஸ். “இப்போது 5,000 தருகிறோம், ஒரு வருடத்துக்குள் போனால் திருப்பிக் கொடு.” இதில் தேட வேண்டியது ஒரே ஒரு விஷயம்: பதினோராவது மாதம் போனால் முழு ஐயாயிரமா, மிச்சமிருக்கும் ஒரு மாதத்துக்கான பங்கு மட்டுமா? கடிதத்தில் எழுதவில்லை என்றால் முழுத் தொகையைத்தான் கேட்பார்கள்.

முகவர் சொல்லும் எண்பது

கவுண்டர் ஆஃபரை ஏற்றுக்கொண்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள் என்று ஆள்சேர்ப்பு முகவர்கள் சொல்வார்கள். எந்த ஆய்வு, எந்த நாட்டில், எத்தனை பேரிடம் என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். முகவரின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புது நிறுவனம்தான் அவருக்குக் கட்டணம் கொடுக்கிறது, வழக்கமாக உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்காக. நீங்கள் போய்ச் சேர்ந்தால்தான் அவருக்குக் காசு. கவுண்டர் ஆஃபர் கெட்டது என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் மீன் விற்கிறவர் கோழி உடம்புக்கு ஆகாது என்று சொல்வது போலத்தான் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு எச்சரிக்கை: “உன்னை வைத்துக்கொண்டே மாற்று ஆள் தேடி, கிடைத்ததும் தூக்கிவிடுவார்கள்.” இது பெரும்பாலும் அமெரிக்க வேலை வழிகாட்டி நூல்களிலிருந்து வந்த பயம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் காரணம் சொல்லாமலே ஆளை நிறுத்தலாம். மலேசியாவில் அது முடியாது. 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, நியாயமான காரணமில்லாமல் நீக்கப்பட்டதாகக் கருதும் எவரும் 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வழி செய்கிறது. சம்பள வரம்பு கிடையாது. வேலையை விட்டுப் போகும்படி நெருக்கினாலும் வழி உண்டு. 1988இல் வோங் சீ ஹோங் எதிர் கேத்தே ஆர்கனைசேஷன் வழக்கில் அன்றைய உச்ச நீதிமன்றம், முதலாளி ஒப்பந்தத்தின் அடிவேரையே முறித்தால் தொழிலாளி அதை நீக்கமாகவே கொண்டு வெளியேறலாம் என்ற அளவுகோலை வைத்தது. முறைப்படி எழுதிக்கொடுத்த சம்பளத்தைக் கொடுக்காமல் விடுவது அந்த வகையில் வரக்கூடியது. வாய்ச்சொல்லாகக் கொடுத்த வாக்குறுதியை வைத்து இதையெல்லாம் நிரூபிப்பது பெரும்பாடு.

அதனால் இங்கே தங்கிவிட்டவருக்கு நடப்பது திடீர் நீக்கம் அல்ல, மெதுவான வேறொன்று. அடுத்த ஜனவரியில் எல்லோருக்கும் உயர்வு வரும்போது “நீதான் ஜூலையில வாங்கிட்டியே” என்பார்கள். அதாவது 400 ரிங்கிட் என்பது அடுத்த இரண்டு வருட உயர்வின் முன்பணம். இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “இது வருடாந்திர உயர்வு இல்லாமல் தனியாகத்தானே?” மேனேஜர் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

வாபஸ் வாங்குவது என்றால்

தங்குவது என்று முடிவு செய்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ராஜினாமா என்பது ஒருதலைப்பட்சமான செயல். கொடுத்த பிறகு முதலாளி சம்மதிக்காமல் அதைத் திரும்பப் பெற முடியாது. “சரி சார், நான் இருந்துடறேன்” என்று வாயால் சொன்னதும் கைகுலுக்கியதும் கடிதத்தை ரத்து செய்யாது. மேனேஜர் சம்மதித்திருப்பார், கையெழுத்துப் போட வேண்டிய இயக்குநர் வெளிநாட்டில் இருப்பார், எச்.ஆர். ஏற்கெனவே விளம்பரம் கொடுத்திருக்கும். எட்டாவது வாரம் முடிந்ததும் கடிதப்படி வேலை முடிந்துவிடுகிறது. இதற்கிடையில் கிள்ளான்காரரிடம் வரவில்லை என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பது இப்படித்தான்.

கையில் வர வேண்டியவை இரண்டு தாள்கள். ஒன்று, ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதை நிறுவனம் ஏற்கிறது என்ற கடிதம். இன்னொன்று, புதுச் சம்பளமும் அது எந்தத் தேதியிலிருந்து என்பதும் கூடுதல் நேரம், உதவியாளர் போன்ற பேசிய விஷயங்களும் உள்ள கடிதம். இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் கொடுத்தாலும் சரி, அதிகாரம் உள்ளவர் கையெழுத்து வேண்டும். எழுதிக் கொடுத்த சம்பளத்தைப் பிறகு கொடுக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் வேலைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ் கோரிக்கை வைக்கலாம். அங்கே முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

முதல் கடிதத்தில் ஒரு வாசகத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும்: சேவை, முதலில் சேர்ந்த தேதியிலிருந்து இடைவெளியில்லாமல் தொடர்கிறது. சில நிறுவனங்கள் சோம்பலாலோ வசதிக்காகவோ புது நியமனக் கடிதத்தையே அச்சடித்துக் கொடுத்துவிடும். மேலே இன்றைய தேதி, உள்ளே மூன்று மாதத் தகுதிகாண் காலம். அதில் கையெழுத்திட்டால் ஆறு வருடம் சுழியமாகிவிடுகிற ஆபத்து உண்டு. விடுமுறை 16இலிருந்து 8. நோட்டீஸ் எட்டு வாரத்திலிருந்து நான்கு.

அதைவிடப் பெரியது ஆட்குறைப்பு. 1975ஆம் ஆண்டின் தொழில்துறை நல்லிணக்க நடத்தை நெறி, ஆட்குறைப்பில் கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வரிசையைச் சொல்கிறது. தொழிலியல் நீதிமன்றமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆறு வருடம் உழைத்த மூத்தவர் புதுக் கடிதத்தால் வரிசையில் கடைசி ஆளாகிவிடலாம். 4,000 ரிங்கிட் கோட்டுக்குள் இருப்பவருக்கு 1980ஆம் ஆண்டு விதிகள்படி, ஐந்து வருடம் தாண்டியிருந்தால் வருடத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. ஆறு வருடத்துக்கு 120 நாள். 3,900 வாங்குகிறவருக்கு அது 15,000 ரிங்கிட்டைத் தாண்டும். கோட்டைத் தாண்டி 4,300க்குப் போனால் சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பு இல்லை. கிள்ளானுக்குப் போனாலும் இல்லை. நிறுவனம் திடமாக இருக்கிறது என்றால் இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆனால் கடந்த ஆறு மாதமாகச் சரக்கு கொடுப்பவர்கள் “பேமெண்ட் எங்கே?” என்று போன் செய்கிறார்கள் என்றால், அது அக்கவுண்ட்ஸ் கிளார்க்குக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கிள்ளான் பக்கம் பாக்கி இருக்கிறது. அங்கே ஆஃபர் லெட்டரில் ஏற்கிறேன் என்று கையெழுத்திட்டு அனுப்பியிருந்தால், அதுவும் ஓர் ஒப்பந்தம்தான். முதல் நாள் வேலைக்குப் போகவில்லை என்பதால் அது ஒன்றுமில்லாததாக ஆகிவிடாது. சில நிறுவனங்கள், சேருவதற்கு முன் விலகினாலும் நோட்டீஸ் காலச் சம்பளம் கட்ட வேண்டும் என்று ஒரு வரி வைத்திருக்கும். அப்படி வரி இருந்தால் 4,700 ரிங்கிட் கேட்டுக் கடிதம் வரக்கூடும். மாதம் 400 வெள்ளி உயர்வின் ஒரு வருடத் தொகை ஏறக்குறைய அதிலேயே போய்விடும். வரி இல்லாவிட்டாலும் கிளார்க் வேலைக்காக எவரும் கோர்ட் ஏறுவது அபூர்வம். ஆனால் கிள்ளான், பந்திங், ஷா ஆலாம் வட்டாரத்து எச்.ஆர். ஆட்களுக்குள் பேச்சு உண்டு. செலாயாங் தாள்கள் இரண்டும் கைக்கு வந்த அன்றே, அதே நாளில், கிள்ளானுக்குப் போன் செய்து சொல்வதுதான் மரியாதை. மின்னஞ்சல் பிறகு அனுப்பலாம்.

மூச்சு விடாதே

“யார்கிட்டயும் சொல்லாத” என்று மேனேஜர் சொன்னது வெறும் அலுவலக அரசியல் அல்ல. ஒருவருக்குத் தனியாகக் கொடுத்தது தெரிந்தால் மற்றவர்களும் கடிதத்தோடு வருவார்கள். இது மேல்மாடி அலுவலகத்துக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. 2010இல் கூகிள் ஊழியர்கள் ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தபோது, போகிறவர்களுக்குக் கூகிள் பெரிய பெரிய எதிர் ஆஃபர்களைக் கொடுக்கிறது என்று செய்திகள் வந்தன. அந்த வருடக் கடைசியில் நிறுவனம் எல்லோருக்கும் பத்து விழுக்காடு சம்பள உயர்வை அறிவித்தது. 2011இல், ட்விட்டர் இழுக்கப் பார்த்த இரண்டு பேரைத் தங்கவைக்கக் கூகிள் பல கோடி டாலர் பங்குகள் கொடுத்ததாகத் தொழில்நுட்பச் செய்தித் தளமான டெக்கிரஞ்ச் எழுதியது. ஒருவர் நீல் மோகன். இன்னொருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. நான்கு வருடத்தில் பிச்சை கூகிளின் தலைமை நிர்வாகி ஆனார். மோகன் 2023இல் யூடியூபின் தலைமைக்கு வந்தார். தங்கியவர்கள் எல்லோரும் ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள் என்று சொல்கிறவர்களிடம் இவர்கள் இருவரையும் காட்டலாம். ஆனால் இந்த இருவரின் கையிலும் வளர்ந்துகொண்டிருந்த வேலை இருந்தது. செலாயாங் மேல்மாடியில் அக்கவுண்ட்ஸ் கிளார்க்குக்கு மேலே இருக்கும் ஒரே நாற்காலியில் மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

ஆக, இந்தப் பெண் மேனேஜர் அறைக்கு மறுநாள் திரும்பிப் போவதற்குப் பதில் அந்த வாரக் கடைசியில் போகலாம். கையில் பன்னிரண்டு சம்பளச் சீட்டு. “4,300 வேண்டாம் சார். 4,000 போதும், ஓ.டி. பழையபடி. இல்ல, 4,300 கொடுக்கிறதா இருந்தா ஓ.டி. தொடரும்னு லெட்டர்ல போடுங்க. எதுவா இருந்தாலும் மாதக் கடைசி ஒரு வாரத்துக்கு ஒரு ஆள் வேணும். சேர்ந்த தேதி மாறக் கூடாது. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள தாள் வரட்டும்.”

குறைத்துக் கேட்கிறாளே என்று மேனேஜர் முதலில் சந்தோஷப்படுவார். பிறகு கால்குலேட்டரை எடுப்பார். வெள்ளிக்கிழமைக்குள் தாள் வந்தால் கிள்ளானுக்குப் போன் போகும். வராவிட்டால் நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடி முடிந்தால், நோட்டீஸ் கொடுத்து விலகியவருக்குக் கடைசி நாளன்றே முழுச் சம்பளமும் கொடுத்துவிட வேண்டும் என்கிறது வேலைச் சட்டம். ஓ.டி. பாக்கியும் அதில் சேர்த்தி.